மறை மூன்று மணித்தியாலம்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வழுக்கியாறு இருக்கிறதே என்று சண்டைக்கு வருவார்கள். இருக்கிறதுதான், யார் இல்லையென்றது? மாரியில் நல்ல மழை பெய்தால் அளவெட்டிப் பக்கத்து வயல்களுக்குள்ளால் கொஞ்ச நாளைக்கு ஓடும். பிறகு அதற்குள் மாடு மேயும். தொண்டைமானாறு என்று பெயரில் மட்டும் ஆற்றை வைத்துக்கொண்டிருப்பது கடல்நீரேரி. ஆனால் எங்கள் பிள்ளைகளின் கணித வினாத்தாள்களை மட்டும் வாசித்துவிட்டு ஒருவர் இங்கே வந்து இறங்கினால், வீட்டுக்கு வீடு படகு கட்டியிருக்கும் என்றுதான் நினைப்பார். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு படகு நீரோட்டத்துக்கு எதிராக ஏறும், திரும்பி இறங்கும். அதில் யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள், போன இடத்தில் ஒரு தேத்தண்ணியாவது குடித்தார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் கேட்பேன். அதனால்தான் எனக்கு ஆசிரியர் அறையில் நல்ல பெயர் இல்லை. பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். வாய் நீளமில்லை, மற்றவர்களுக்குக் காது கட்டை என்பது என் கட்சி.

இந்தப் படகுக் கணக்கில் ஒரு சடங்கு உண்டு. படகின் வேகத்தை x என்று எடுப்போம். எதிராகப் போகும்போது நீரோட்டத்தின் வேகத்தைக் கழிப்போம், கூடப் போகும்போது கூட்டுவோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். அப்படி x கீழே உட்கார்ந்த இரண்டு பின்னங்கள் வரும். கூட்டி, கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து சுருக்கினால் இருபடிச் சமன்பாடு. அதற்கு இரண்டு தீர்வு. வழக்கமாக ஒன்று நேர், மற்றது மறை, அதாவது முன்னால் கழித்தல் குறி போட்ட எண். உடனே பிள்ளைகள் தலையை நிமிர்த்தாமல் எழுதுவார்கள்: 'வேகம் மறையாக இருக்க முடியாது, ஆகவே நிராகரிக்கப்படும்.' அர்ச்சனையில் பெயர் நட்சத்திரம் சொல்வது போல எழுதுவார்கள். பின்னேர ரியூசன் நடக்கும் ரியூட்டரிகளின் பலகைகளில் இந்த வசனம் சிவப்புச் சோக்கால் கட்டம் போட்டு நிற்கும். ஏன் நிராகரிக்கிறோம் என்று கேட்டால், 'அப்பிடித்தான் ரீச்சர் எழுதவேணும், இல்லாட்டி ஒரு புள்ளி போயிடும்' என்பார்கள்.

இனி, நாங்கள் எல்லோரும் 'சேர்' என்று கூப்பிடுகிற மனுசன். அவரை அறிமுகப்படுத்தாமல் இந்தக் கதை நகராது. எங்கள் கல்வி வலயத்தில் கணிதத்துக்கு ஆலோசகராக இருந்தவர். வலயம் முழுவதுக்குமான தவணைப் பரீட்சை வினாத்தாளை அவர்தான் தயாரிப்பார், எப்படிப் புள்ளி போடுவது என்ற புள்ளித்திட்டத்தையும் அவரே எழுதுவார். காலையில் அரசாங்கக் கதிரையில் இருந்துகொண்டு, ரியூசனால் பிள்ளைகளின் சிந்தனை மழுங்கிப்போகிறது என்று பேசுவார். பின்னேரம் மோட்டார்சைக்கிளில் ரியூட்டரிக்குப் போய்ப் படிப்பிப்பார். இரண்டு இடத்திலும் மனுசன் உண்மையான உருக்கத்தோடுதான் கதைப்பார், அதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த ஆண்டு பதினோராம் வகுப்பின் கடைசித் தவணைப் பரீட்சைக்கு முதல் நடந்த கூட்டத்தில் சேர் சிரித்துக்கொண்டே வந்தார். "இந்தமுறை ஒரு சாமான் வைச்சிருக்கிறன்," என்றார். "மறை நிராகரிக்கப்படும் எண்டு பாடமாக்கி வச்சிருக்கிறவை எல்லாரும் மாட்டுவினம் பாருங்கோ." எங்களில் பாதிப் பேர் கைதட்டினோம். அவர்தானே பின்னேரங்களில் அதைப் பாடமாக்க வைக்கிறவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் வாய்க்குள் வடையை வைத்திருந்தேன்.

வினாத்தாள் வந்தது. சேர் வைத்த சாமான் இதுதான். ஆற்றில் நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர். ஒரு படகு நீரோட்டத்துக்கு எதிராக 6 கிலோமீற்றரும் நீரோட்டத்துடன் 48 கிலோமீற்றரும் செல்கிறது. மொத்தம் 9 மணித்தியாலம். நிலையான நீரில் படகின் வேகம் மணிக்கு x கிலோமீற்றர் எனின் x ஐக் காண்க.

சமன்பாடு இப்படி வரும்: 6/(x − 3) + 48/(x + 3) = 9. மூன்றால் வகுத்தால் 2/(x − 3) + 16/(x + 3) = 3. கீழே இருப்பவற்றால் பெருக்கினால் 2(x + 3) + 16(x − 3) = 3(x² − 9). சுருக்கினால் x² − 6x + 5 = 0. காரணிப்படுத்தினால் x = 5 அல்லது x = 1. பார்த்தீர்களா? இரண்டுமே நேர். சடங்குக்கு ஆள் இல்லை. சேர் கெட்டிக்காரர்தான் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. 5 என்றால் எதிராகப் போகும் வேகம் 2, ஆறு கிலோமீற்றருக்கு 3 மணித்தியாலம். கூடப் போகும் வேகம் 8, நாற்பத்தெட்டுக்கு 6 மணித்தியாலம். கூட்ட 9. அச்சொட்டாக வருகிறது. 1 என்றால் மணிக்கு ஒரு கிலோமீற்றர் போகிற படகு, மூன்று கிலோமீற்றரில் வருகிற தண்ணீருக்கு எதிராக ஏற வேண்டும். ஏறுமா? பின்னுக்குத்தான் போகும். ஆகவே 1 ஐத் தள்ளவேண்டும், ஆனால் மறை என்பதற்காக அல்ல, யோசித்துத் தள்ளவேண்டும். அருமையான கேள்வி என்று நினைத்துக்கொண்டு புள்ளித்திட்டத்தைப் புரட்டினேன்.

புள்ளித்திட்டத்தில் சேர் எழுதியிருந்தார்: 'x = 5 அல்லது x = 1. இரண்டு விடைகளும் எழுதப்பட்டிருந்தால் மட்டும் 2 புள்ளி. (இரண்டும் நேர் ஆதலால் நிராகரிக்கக் கூடாது.)'

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மனுசன் ஊருக்குப் பொறி வைத்துவிட்டு, தானே முதல் ஆளாக அதற்குள் போய்க் குந்திக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் மறையைப் பார்த்தால் தள்ளுவார்கள், நேரைப் பார்த்தால் சேர்த்துக்கொள்வார் இவர். அதே பாடந்தான், மற்றப் பக்கத்தால்.

விடைத்தாள்கள் வந்தபோது சிரிப்பு இன்னும் கூடியது. எங்கள் பிள்ளைகள் சடங்கைக் கைவிடுகிறவர்களா? தள்ளுவதற்கு ஒரு மறை கிடைக்காமல் தவித்திருக்கிறார்கள். ஒருத்தன் (x − 5)(x − 1) = 0 என்று சரியாக எழுதி, அடுத்த வரியில் x = 5 அல்லது x = −1 என்று எழுதி, 'வேகம் மறையாக இருக்க முடியாது, ஆகவே நிராகரிக்கப்படும்' என்று நிம்மதியாகக் கோடு கீறி முடித்திருந்தான். விடை 5. ஐந்து சரிதானே! இன்னொருத்தி சமன்பாடு முழுவதையும் சரியாகச் செய்து, கடைசியில் ஒரு பயத்தில் இரண்டையுமே நிராகரித்துவிட்டாள். அவளுடைய படகு இன்னும் துறையில்தான் நிற்கிறது.

பிறகு அந்தப் பிள்ளையின் தாள் வந்தது.

என் வகுப்புப் பிள்ளை. அதிகம் கதைக்காது. கதைத்தால் ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டு விடாது. அப்பா சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். சேர் வெளியிடும் மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் அந்தக் கடையில்தான் கொப்பியாகும். கண்ணாடிக் கதவில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சேரின் ரியூசன் போஸ்டர் ஒட்டியிருக்கும். உயரத்தில் சேரின் போஸ்டர் கொஞ்சம் கூடுதல்.

அந்தப் பிள்ளைக்கு உயர்தரத்தில், அதாவது ஏ.எல்லில், கணிதப் பிரிவுக்குப் போகவேண்டும். அதைத் தவிர வேறு ஆசை அது சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவுக்குப் பயம். அவருடைய தமக்கையின் மகன் கணிதம் எடுத்து, திரும்பத் திரும்பச் சோதனை எழுதி, கடைசியில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டான். அதனால் அவர் ஒரு கட்டளை போட்டிருந்தார். என்னிடமே நேரில் வந்து சொன்னார்.

"ரீச்சர், இந்தக் கடைசித் தவணையிலை கணிதத்துக்கு ஏ வந்தால் மட்ஸ் செய்யட்டும். வராட்டிக் கொமேர்ஸ். அவளும் ஓம் எண்டிட்டாள். பேந்து கதை இல்லை."

"ஓ.எல் அரசாங்கச் சோதினை ரிசல்ட் வரட்டுமே," என்றேன்.

"அது வர மாதக்கணக்காகும் ரீச்சர். சோதினை முடிஞ்ச அடுத்த கிழமையே ஏ.எல் வகுப்புத் துவங்கிடும். அதுக்குள்ளை முடிவெடுக்காட்டி இடம் கிடைக்காது."

இது எங்கள் ஊரின் வழக்கம். பெறுபேறு வரும்வரை காத்திருக்கிறவர்கள் சோம்பேறிகள். ரியூட்டரியில் உட்கார ஒரு வாங்கு பிடிப்பதுதான் படிப்பின் முதற்படி.

தாளைத் திருத்தினேன். படகுக் கணக்கில் சமன்பாடு சரி, சுருக்கியது சரி, காரணி சரி. x = 5 அல்லது x = 1. அதன் கீழே அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: 'x = 1 எனின் படகின் வேகம் நீரோட்டத்தின் வேகத்திலும் குறைவு. எதிராகச் செல்லும் வேகம் −2. எடுத்த நேரம் −3 மணித்தியாலம். இது நடக்க முடியாது. ஆகவே x = 5.'

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, கண்ணும் கலங்கியது. இத்தனை ஆண்டு படிப்பித்ததில் ஒரு பிள்ளை தானாக நின்று யோசித்திருக்கிறது. அந்தச் சந்தோசம் கூட்டுத்தொகையைப் போடும்வரைதான் இருந்தது. சேரின் புள்ளித்திட்டப்படி அந்த இரண்டு புள்ளியும் இல்லை. மொத்தம் எழுபத்து மூன்று. ஏ எழுபத்தைந்துக்கு.

திரும்பக் கூட்டினேன். எழுபத்து மூன்றுதான். வேறெங்காவது இரண்டு புள்ளி ஒளித்திருக்குமா என்று தாளைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். இல்லை. −1 என்று பொய் எழுதித் தள்ளினவனுக்கும் இரண்டு போகிறது, காரணத்தோடு தள்ளினவளுக்கும் இரண்டு போகிறது. யோசிக்காமல் இரண்டையும் எழுதிவிட்டுப் போனவர்களுக்கு முழுப் புள்ளி. எனக்கு வந்த கோபத்துக்குச் சிவப்புப் பேனையின் மூடியைக் கடித்தே உடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் வலயத்தில் புள்ளியிடல் பற்றிய கூட்டம். கணித ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தோம். ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. ஏதாவது சந்தேகம் உண்டா என்று சேர் கேட்டார். யாருக்கும் இருக்காது என்ற நம்பிக்கையில் கேட்கிற கேள்வி அது. நான் எழுந்தேன்.

"சேர், படகுக் கணக்கிலை x சமன் ஒண்டு பொருந்தாது."

"ஏன் ரீச்சர் பொருந்தாது? பிரதியிட்டுப் பாருங்கோ." சேர் சோக்கை எடுத்துப் பலகையில் எழுதினார். "ஆறின் கீழ் மறை ரெண்டு, மறை மூண்டு. நாப்பத்தெட்டின் கீழ் நாலு, பன்ரெண்டு. கூட்ட ஒன்பது. இடப்பக்கம் சமன் வலப்பக்கம். பேந்தென்ன?"

"சமன்பாட்டுக்குப் பொருந்துது சேர். படகுக்குத்தான் பொருந்தேல்லை. மறை மூண்டு மணித்தியாலம் எண்டால் என்ன? எட்டு மணிக்கு வெளிக்கிட்டு அஞ்சு மணிக்குப் போய்ச் சேந்ததோ?"

யாரோ பின்னால் சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றினார்கள்.

"ரீச்சர்," என்றார் சேர், மிகவும் பொறுமையாக. ஆட்களை மடக்கும்போதுதான் அவருக்கு அந்தப் பொறுமை வரும். "பிள்ளையள் தேடினது x. நேரத்தை ஆர் கேட்டது? x நேர். வேகம் நேர். அதைத் தள்ளச் சட்டமில்லை. நீங்கள் பௌதிகத்தைக் கொண்டுவந்து கணிதத்துக்குள்ளை கலக்கிறியள்."

"படகை நானோ சேர் கொண்டந்தனான்?"

சேர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். அத்தனை பேர், அத்தனை பட்டங்கள், ஒரு வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து சைக்கிள் எடுக்கிற இடத்தில் மட்டும் ஒவ்வொருவராகக் கிட்ட வந்து, "நீங்கள் சொன்னதுதான் ரீச்சர் சரி" என்று காதுக்குள் சொன்னார்கள். அங்கே எனக்கு ஏகமனதாக ஆதரவு இருந்தது. சைக்கிள்களுக்கும் சம்மதம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்தத் தாளில் இரண்டு புள்ளியையும் போட்டேன். எழுபத்தைந்து என்று வட்டமிட்டு, அதிபரிடம் போய்ச் சொன்னேன், இதைக் குறைக்கமாட்டேன் என்று. எங்கள் அதிபர் நல்ல மனுசர். யாருடைய மனமும் நோகக் கூடாது என்பதற்காக எந்த முடிவும் எடுக்காமலே ஓய்வூதியம் வரை வந்துவிட்டவர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார்.

"ரீச்சர், உதிலை நான் கை வைக்கேலாது. வலயத்தின்ரை புள்ளித்திட்டம். சேரையே ஒருக்கா வரச் சொல்லுவம்."

சேர் வந்தார். மேற்பார்வை என்று பெயர். அதிபர் தன் பாதுகாப்புக்கு அந்தப் பிள்ளையின் அப்பாவையும் கூப்பிட்டிருந்தார். கடைப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனுசன் கதவடியில் நின்றார். சேரைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். அது அதிபரின் அறை, கோயில் இல்லை. கழற்றத்தான் செய்தார்.

பிள்ளையைக் கூப்பிட்டார்கள். சேர் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "நீர் ஒண்டை ஏன் நிராகரிச்சனீர்?" என்று கேட்டார்.

"ஒண்டிலை ஓடினால் படகு மேலை போகாது சேர். தண்ணி மூண்டிலை கீழை தள்ளும். ஆறு கிலோமீற்றரை எந்தக் காலத்திலையும் போய் முடிக்காது."

"சமன்பாடு சரியாத்தானே வருது?"

"ஓம் சேர். மறை மூண்டையும் பன்ரெண்டையும் கூட்டித்தான் ஒன்பது வருது. பன்ரெண்டு மணித்தியாலம் கீழை போக மட்டுமே வேணும். மொத்தப் பயணமே ஒன்பதெண்டு கேள்வியிலை இருக்கு."

இது எனக்கே தோன்றாத விளக்கம். ஒரு பகுதிக்கு மட்டும் பன்னிரண்டு, முழுதுக்கும் ஒன்பது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நான் அதிபரைப் பார்த்தேன். அவர் இன்னும் யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேருக்கு முகம் கறுத்தது. விளங்கிவிட்டது. ஒரு கணிதக்காரருக்கு விளங்குகிற நேரம் முகத்தில் தெரியும், மறைக்க முடியாது. ஆனால் விளங்கியதை ஒத்துக்கொள்வது வேறு பாடம், அதை அவர் எடுக்கவில்லை. தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நீர் உம்மடை வாழ்க்கையிலை ஒரு ஆத்தைக் கண்டிருக்கிறீரோ?"

"இல்லை சேர்," என்றது பிள்ளை. பிறகு உண்மையிலேயே அறிகிற ஆவலோடு கேட்டது. "நீங்கள்?"

கதவடியில் அப்பாவின் திறப்பு விழுந்தது. "மன்னிப்புக் கேள்! உடனை கேள்!" என்று அவர் கத்தினார்.

"மன்னிக்கவேணும் சேர்," என்றது பிள்ளை. "ஆனா கண்டனீங்களோ?"

"கண்டிக்குப் போகேக்கை ரெயினிலை இருந்து பாத்தனான்," என்றார் சேர். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு எனக்கும் என் நாக்குக்குந்தான் தெரியும், கடித்துப் புண்ணாகிவிட்டது.

சேர் மூடிவைத்த தாளைத் திரும்ப விரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது நான் வேணுமெண்டு வைச்ச பாகுபடுத்தும் வினா," என்றார். "ஆர் யோசிக்கினம் எண்டு பாக்கத்தான்." பிறகு அவர் எடுத்த முடிவு அடுத்த கிழமை எல்லாப் பாடசாலைகளுக்கும் கடிதமாக வந்தது. மாணவர் நலன் கருதி, 5 என்று மட்டும் எழுதியோருக்கும் முழுப் புள்ளி, 5, 1 என்று இரண்டும் எழுதியோருக்கும் முழுப் புள்ளி. அதாவது படகு ஆற்றில் ஏறவும் ஏறலாம், பின்னுக்கும் போகலாம், வலயத்துக்கு ஆட்சேபனை இல்லை. ஒருவருடைய விடையும் பிழையில்லை என்றால் கேள்வி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "ரீச்சர், உங்களுக்குத் தேவையானது கிடைச்சிட்டுதுதானே" என்றார் அதிபர். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கிடைத்ததுதான். எழுபத்தைந்து. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைக்கு வாய் கூடிவிட்டது என்று பல நாள் கடையில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். "ரீச்சரைப் பார்த்துப் பழகினது" என்றும் சேர்த்துச் சொன்னாராம். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கணிதப் பிரிவுக்குப் பிள்ளை போனது. ரியூசனுக்கு அப்பா எங்கே சேர்த்தார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கண்ணாடிக் கதவில் யாருடைய போஸ்டர் இருந்ததோ அங்கேதான். சேர் அதற்குள் ஓய்வு பெற்று, காலையிலும் ரியூட்டரியிலேயே இருந்தார். சிந்தனை மழுங்குவதைப் பற்றி இப்போது பேசுவதில்லை என்று கேள்வி.

சில மாதம் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளை சைக்கிளில் நீர்வேலிக்கு என் வீட்டுக்கு வந்தது. வாழைத் தோட்டத்து வாய்க்கால் முட்டி, என் படலைக்கு முன்னால் றோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளை அதற்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னது.

"ரீச்சர், இண்டைக்குச் சேர் சார்பு வேகம் துவங்கினவர்."

"நல்லது. என்ன கணக்கு?"

"எங்கடை படகுதான். அதே ஆறு, அதே நாப்பத்தெட்டு. தான் வலயத்திலை வைச்ச கணக்காம். ஒண்டை ஏன் தள்ளவேணும் எண்டு அந்த நேரம் ரீச்சர்மாருக்கே விளங்கேல்லையாம், தான்தான் விளங்கப்படுத்தினதாம்."

எனக்குத் தலைக்குள் விர்ரென்று ஏறியது. கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு உடைந்திருக்கும். என்ன மனுசனடா இது! அவரிடமே இப்போதே போகிறேன் என்று சொல்லி எழும்பியும் விட்டேன். பிள்ளை எழும்பவில்லை.

"இருங்கோ ரீச்சர், முடியேல்லை. சொல்லிப்போட்டு, ஒண்டு ஏன் பொருந்தாது எண்டு வகுப்பைக் கேட்டவர். நான் கையை உயத்தினன். முன்வாங்கிலைதான் இருக்கிறன். வடிவாய் என்னைப் பாத்தவர். பாத்திட்டுப் பின்வாங்கிலை ஒருத்தனை எழுப்பினவர்."

"அவன் என்ன சொன்னவன்?"

"வேகம் மறையாக இருக்க முடியாது, ஆகவே நிராகரிக்கப்படும் எண்டான்."

"சேர்?"

"வெரி குட் எண்டு சொல்லி இருத்திப்போட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டார்."

நான் சிரித்தேன். என்னை அறியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பலகையில் 1 என்று நேராக எழுதியிருக்கிறது. அதை மறை என்கிறான் அவன். வெரி குட் என்கிறார் இவர். பிள்ளை சிரிக்கவில்லை. ஈரமான பாவாடைக் கரையைப் பிழிந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீர் என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

"கையை இறக்கேல்லை ரீச்சர்," என்றது. "வகுப்பு முடியும்வரைக்கும்."